காலி அறையில் கணினிக் கட்டில்: வாடகை விளம்பரத்தில் அளவும் அறிவிப்பும்

வாடகைக்கு விடும் வீட்டின் காலி அறையைப் படமெடுத்து, அதில் கட்டில், மேசை, திரைச்சீலை, தரைவிரிப்பு முதலியவற்றைக் கணினியில் சேர்த்து விளம்பரத்தில் போடும் வழக்கம் கோயம்புத்தூரில் இப்போது சாதாரணமாகிவிட்டது. சரவணம்பட்டி, காளப்பட்டி, பீளமேடு பக்கங்களில் வேலை மாற்றலாகி வரும் குடும்பங்கள் பல, ஈரோட்டிலோ சேலத்திலோ இருந்துகொண்டே கைப்பேசியில் படம் பார்த்து, வீட்டை நேரில் காணும் முன்பே டோக்கன் அட்வான்ஸ் அனுப்பிவிடுகின்றன. வீட்டுக்காரர்களுக்கும் தரகர்களுக்கும் வீடுகளைப் படமெடுத்துத் தருவது என் தொழில். வர்ச்சுவல் ஸ்டேஜிங் என்று எங்கள் தொழிலில் சொல்லப்படும் இந்த வேலையை நானும் செய்து தருகிறேன். இதைச் செய்வதில் தவறில்லை என்றே கருதுகிறேன். ஆனால் "இது கணினியில் சேர்த்த படம்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் கடமை முடிந்துவிட்டது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்த எண்ணம் ஏன் போதாது என்பதை ஒரே ஒரு வீட்டை வைத்து இங்கே விளக்க விரும்புகிறேன்.

முதலில், வீட்டுக்காரர்கள் ஏன் இதை நாடுகிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். காலி அறையின் படத்தில் கண்ணுக்கு அளவு பிடிபடாது. நான்கு சுவரும் ஒரு சன்னலும் மட்டும் தெரியும் படத்தைப் பார்ப்பவருக்கு, அது எட்டடி அறையா பன்னிரண்டடி அறையா என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் உள்ளதைவிடச் சிறிதாகவே தோன்றும். ஒரு கட்டிலைப் போட்டவுடன் அறைக்கு அளவு வந்துவிடுகிறது, ஏனென்றால் கட்டில் எவ்வளவு பெரியது என்பது எல்லோருக்கும் உடம்பால் தெரியும். ஆக, படத்தில் சேர்க்கும் கட்டில் அலங்காரப் பொருள் மட்டுமன்று, பார்ப்பவர் அந்த அறையை அளக்கும் அளவுகோலும் அதுதான். அந்தக் கட்டிலை உண்மையைவிடச் சிறிதாக்கிப் போடுவது, எடைக்கல்லைத் தேய்த்து வைத்துக்கொண்டு வியாபாரம் செய்வதற்குச் சமம். "கட்டில் கணினியில் சேர்க்கப்பட்டது" என்று கீழே எழுதுவதால் அந்தக் கல்லின் எடை கூடிவிடாது.

நான் சொல்ல வந்த வீடு காளப்பட்டிப் பக்கம் உள்ள ஒரு மாடி போர்ஷன். இரண்டு படுக்கையறைகளில் சிறியது பத்தடிக்குப் பத்தடி. வீட்டுக்கார அம்மா தன் உறவினர் ஒருவர் மூலமாக வெளியூர் எடிட்டிங் சேவை ஒன்றில் கொடுத்து, படங்களில் ஃபர்னிச்சர் சேர்த்து வாங்கி விளம்பரம் செய்திருந்தார். விளம்பரக் குறிப்பின் கடைசி வரியில் "படங்கள் மாதிரிக்காக" என்று ஒரு தொடரும் இருந்தது. ஈரோட்டுக் குடும்பம் ஒன்று அந்தப் படத்தைப் பார்த்து டோக்கன் கொடுத்துவிட்டு, குட்டியானை வண்டியில் சாமான்களோடு வந்து இறங்கியது. படத்தில் இருந்தது போலச் சன்னலடியில் தலைமாடு வைத்துக் கட்டிலைப் போட்டால் அலமாரிக் கதவு திறக்கவில்லை. கட்டிலைத் திருப்பிப் போட்டால், மகளுக்கு என்று படத்தைப் பார்த்தே அவர்கள் மனத்தில் முடிவு செய்து வைத்திருந்த படிப்பு மேசைக்கு இடமில்லை. அவர்கள் டோக்கனைத் திருப்பிக் கேட்டார்கள், வீட்டுக்கார அம்மாவும் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்த அம்மா என்னை அழைத்தார். "படத்துல நல்லாத்தானுங் தம்பி இருந்துச்சு, எங்க தப்புன்னே தெரியலீங்க" என்று அவர் சொன்னதில் எந்தப் பாசாங்கும் இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

தவறு எங்கே என்பதைக் கண்டுபிடிக்க அந்தப் படமே போதுமாக இருந்தது. நம் ஊர் வீடுகளில் பதிக்கும் விட்ரிஃபைட் டைல்ஸ் பெரும்பாலும் இரண்டடிக்கு இரண்டடி. அந்த அறையிலும் அதுதான். ஆகவே படத்தில் தெரியும் ஒவ்வொரு டைல்ஸ் கோடும் தரையில் விரித்து வைத்த அளவு நாடாவுக்கு ஒப்பானது. கட்டிலின் கால்கள் தரையைத் தொடும் இடங்களை மட்டும் பார்த்து, அவற்றுக்கிடையே எத்தனை டைல்ஸ் என்று எண்ண வேண்டும். மெத்தையின் விளிம்பைப் பார்த்து எண்ணக் கூடாது. மெத்தை தரைக்கு மேலே இருப்பதால், பின்னால் உள்ள டைல்ஸை மறைத்துக் கணக்கைக் குழப்பிவிடும். கால் தரையைத் தொடும் புள்ளி மட்டுமே தரையின் கோடுகளோடு ஒரே தளத்தில் இருக்கிறது. தூரத்தில் உள்ள டைல்ஸ் படத்தில் சிறிதாகத் தெரிவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, ஏனென்றால் அங்கே வைத்த கட்டில்காலும் அதே விகிதத்தில்தான் சிறுத்திருக்க வேண்டும்.

குயின் சைஸ் மெத்தை என்பது வழக்கமாக 78 அங்குல நீளமும் 60 அங்குல அகலமும் கொண்டது, அதாவது ஆறரை அடிக்கு ஐந்து அடி. சட்டத்தோடும் தலைப்பலகையோடும் சேர்த்தால் கட்டில் ஏறத்தாழ ஏழடிக்கு ஐந்தரை அடி இடத்தைப் பிடிக்கும். டைல்ஸ் கணக்கில் நீளவாட்டில் மூன்றரையும் அகலவாட்டில் இரண்டேமுக்காலும் வர வேண்டும். அந்தப் படத்திலோ இருவர் படுக்கும் தலையணைகளோடு காட்டியிருந்த கட்டில், நீளத்தில் இரண்டரை டைல்ஸும் அகலத்தில் இரண்டு டைல்ஸுக்குக் குறைவாகவும் பிடித்திருந்தது. அதாவது ஐந்தடிக்கு நான்கடி கூட இல்லாத ஒரு கட்டில். பெரியவர் ஒருவர் அதில் காலை நீட்டிப் படுக்கவே முடியாது. பக்கத்தில் இருந்த மேசை, நாற்காலி எல்லாமும் ஏறக்குறைய அதே விகிதத்தில், பத்தில் மூன்று பங்கு சிறுத்திருந்தன. எல்லாம் ஒரே அளவில் சிறுத்திருந்ததால்தான் கண்ணுக்கு உறுத்தவில்லை.

அறையின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மேற்குச் சுவர் முழுவதும் இரண்டடி ஆழத்துக்கு அலமாரி கட்டியிருக்கிறது, அதற்கு மேலே லாஃப்ட். எனவே மீதமுள்ள தரை வடக்குத் தெற்காகப் பத்தடி, கிழக்கு மேற்காக எட்டடி. சன்னல் கிழக்குச் சுவரில். வாசல் வடக்குச் சுவரில், அலமாரியை ஒட்டி. படத்தில் காட்டியபடி கிழக்குச் சுவரில் தலைமாடு வைத்தால், எட்டடியில் ஏழடியை உண்மையான கட்டில் எடுத்துக்கொள்ளும். அலமாரிக்கு முன் ஓரடி மட்டுமே மிஞ்சும், ஒன்றரை அடி அகலக் கதவு திறக்காது. படத்தில் இருந்த பொய்க்கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையே தாராளமாக மூன்றடி தெரிந்தது. அந்தக் குடும்பம் நம்பி வந்தது அந்த மூன்றடியைத்தான். தெற்கே தலை வைத்து, கிழக்குச் சுவரை ஒட்டிப் போட்டால் அலமாரிக்கு முன் இரண்டரை அடி கிடைக்கும், வாசற்கதவும் கட்டிலில் இடிக்காமல் மயிரிழையில் திறக்கும். ஆனால் அப்போது வடகிழக்கு மூலையில் மிஞ்சுவது மூன்றடி ஆழம். இரண்டடி ஆழமுள்ள மேசையைப் போட்டால் நாற்காலியை இழுத்து உட்கார ஓரடிதான் இருக்கும். மேசை உள்ளே போகும், பிள்ளை உட்கார்ந்து படிக்க முடியாது.

அளவைத் தவிர வேறு என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க, அந்த அம்மாவின் கைப்பேசியில் இருந்த காலி அறைப் படத்தையும் எடிட் செய்த படத்தையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, மேல்படத்தை மாறி மாறி மறைத்தும் காட்டியும் பார்த்தேன். இது மிக எளிய சோதனை, எந்தப் படம் திருத்தும் செயலியிலும் செய்யலாம். ஃபர்னிச்சர் அல்லாத ஏதாவது ஒன்று கண்சிமிட்டினால் அது இருக்கக் கூடாத மாற்றம். இங்கே இரண்டு இடங்கள் சிமிட்டின. கட்டில் தலைமாட்டுக்கு அருகே இருந்த பவர் பாயின்ட் காணாமல் போய்ச் சுவர் வழுவழுப்பாகியிருந்தது. தெற்குச் சுவரின் அடியில், குளியலறைப் பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்கு உப்புப் பூத்திருந்த ஈரத்தடம் துடைக்கப்பட்டு, அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டி முளைத்திருந்தது. யாரோ வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. செயற்கை நுண்ணறிவில் இயங்கும் இந்தச் செயலிகள் சில, ஃபர்னிச்சரை மட்டும் ஒட்டாமல் முழுப் படத்தையும் புதிதாக வரைந்து தருகின்றன. அப்படி வரையும்போது சுவிட்ச் போர்டு, சன்னல் கம்பி, குழாய், சுவர்க்கறை போன்றவற்றை அழுக்கு என்று எடுத்துக்கொண்டு சுத்தம் செய்துவிடுகின்றன. சில நேரங்களில் சன்னலுக்கு வெளியே இருக்கும் பக்கத்து வீட்டுச் சுவர் மரஞ்செடியாக மாறியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே எடிட் செய்து வந்த படத்தை மூலப்படத்தோடு பொருத்திப் பார்க்காமல் வெளியிடுவதில்லை என்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று பலர் கேட்கிறார்கள். வாடகை விளம்பரத்தில் கணினி ஃபர்னிச்சரைப் பற்றி மட்டும் பேசும் தனிச் சட்டத்தைத் தேடுவதைவிட, ஏற்கெனவே உள்ள பொதுவான சட்டங்கள் இந்த நிலைமைக்கு எப்படிப் பொருந்துகின்றன என்று பார்ப்பதே பயன்தரும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108-ஆம் பிரிவின் தொடக்கத்திலேயே குத்தகைக்கு விடுபவரின் கடமை ஒன்றைச் சொல்கிறது: சொத்தை எந்தப் பயன்பாட்டுக்காக விடுகிறாரோ அதைப் பாதிக்கும் முக்கியமான குறை தனக்குத் தெரிந்து, எடுப்பவருக்குத் தெரியாமலும் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டறிய முடியாமலும் இருந்தால், அதை அவர் வெளிப்படுத்தியாக வேண்டும். ஈரத்தடத்தைப் படத்தில் துடைப்பது இந்தக் கடமையின் பக்கம் மிக நெருங்கி வரும் செயல். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 18-ஆம் பிரிவில், ஏமாற்றும் எண்ணமே இல்லாவிட்டாலும் உண்மையல்லாத ஒன்றை உறுதியாகக் காட்டுவதைத் தவறான எடுத்துரைப்பு என்று வகுக்கிறது. அதை நம்பிச் சம்மதித்தவர் 19-ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தை விலக்கிக்கொள்ளலாம். ஆனால் சாதாரண முயற்சியால் உண்மையை அறிந்துகொள்ளும் வழி அவருக்கு இருந்திருந்தால் அந்த உரிமை கிடைக்காமல் போகலாம் என்ற விலக்கும் அதே பிரிவில் இருக்கிறது. குடியேறுபவர்கள் இந்த விலக்கை நினைவில் வைத்து, முடிந்தவரை நேரில் வந்து பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எனக்கு மிகவும் உதவியது வேறோர் ஆவணம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிகள் 2022 ஜூன் மாதம் வெளியிடப்பட்டன. பொறுப்புத் துறப்பு வரிகள் பற்றி அதில் தனிப் பகுதியே உண்டு. ஒரு துறப்பு வரி விளம்பரத்தின் கூற்றை விரித்துச் சொல்லலாம், தெளிவுபடுத்தலாம். ஆனால் முக்கியக் கூற்றுக்கு முரணாக இருக்கக் கூடாது, முக்கியத் தகவலை மறைக்க முயலக் கூடாது, தவறாக வழிநடத்தும் கூற்றை அந்த வரியைக் கொண்டு திருத்தவும் முயலக் கூடாது. கூற்று எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், எளிதில் கண்ணில் படும் இடத்தில் அது இருக்க வேண்டும். ஒரே ஒரு வீட்டை வாடகைக்கு விடும் வீட்டுக்காரரை இந்த நெறிகள் நேரடியாகக் கட்டுப்படுத்துமா என்பது வழக்கறிஞர்கள் வாதிட வேண்டிய விஷயம். ஆனால் கமிஷன் வாங்கிக்கொண்டு வீடு பார்த்துக் கொடுக்கும் தரகர் செய்வது சேவை, அவர் அப்படி எளிதாக ஒதுங்க முடியாது. எப்படியாயினும், காளப்பட்டி வீட்டு விளம்பரத்தின் "படங்கள் மாதிரிக்காக" என்ற வரி செய்ய முயன்றது எதுவோ, அதையே அந்த நெறிகள் கூடாது என்கின்றன. படம் மூன்றடி இடம் இருப்பதாகச் சொல்கிறது, எழுத்து அதைச் சொல்லாமல் சொல்லித் திரும்பப் பெற முயல்கிறது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. அங்கே AB 723 என்ற சட்டம் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. வீடு விற்கும் விளம்பரத்தில் கணினியில் மாற்றிய படத்தைத் தரகர் போட்டால், மாற்றப்பட்டது என்று சொல்வதோடு நிற்காமல், மாற்றாத மூலப்படத்தையும் பார்வையாளர் பார்க்க வழி செய்து தர வேண்டும். வெளிச்சம் கூட்டுவது, நிறத்தைச் சரிசெய்வது, சாய்ந்த படத்தை நிமிர்த்துவது, ஓரத்தை வெட்டுவது போன்ற வழக்கமான திருத்தங்கள் இதில் அடங்கா. அது விற்பனைக்கான சட்டம், நம் வாடகை வீடுகளுக்கு அதனோடு சம்பந்தமில்லை. ஆனாலும் மூலப்படத்தைக் கூடவே காட்ட வேண்டும் என்ற அந்த ஒரு கருத்தை நான் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டேன். எழுத்தால் சொல்வதைவிட, காலி அறையின் படம் பக்கத்திலேயே இருப்பது நூறு மடங்கு நேர்மையான அறிவிப்பு என்பது என் உறுதியான கருத்து.

காளப்பட்டி வீட்டுக்குப் படங்களைப் புதிதாகவே எடுத்தோம். அதற்கு முன் குளியலறையில் டைல்ஸ் இடுக்குகளை அடைத்து, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு தெற்குச் சுவரைச் சுரண்டிப் பூசிவிடும்படி கேட்டுக்கொண்டேன், அந்த அம்மா அப்படியே செய்தார். ஈரம் காயும் முன் வெள்ளையடித்தால் படத்தில் நன்றாக இருக்கும், குடிவந்த பிறகு மீண்டும் உப்புப் பூக்கும், அதுவும் ஒருவகையில் படத்தை மாற்றுவதுதான். கேமராவை முக்காலியில் வைத்து, நெஞ்சு உயரத்தில், சுவர்க்கோடுகள் செங்குத்தாக நிற்கும்படி அமைத்தேன். கைப்பேசியில் எடுப்பவர்கள் அரை மடங்கு என்று காட்டும் மிக அகன்ற லென்ஸைத் தவிர்த்துவிட்டு, சாதாரண ஒரு மடங்கு லென்ஸில், வாசலுக்கு வெளியே நின்றாவது எடுக்க வேண்டும். மிக அகன்ற லென்ஸ் அறையின் மூலைகளை இழுத்து நீட்டிவிடும். கணினியில் சேர்க்கும் ஃபர்னிச்சருக்கு அந்த இழுப்பு இல்லாததால், அறை பெரிதாகவும் பொருள் சிறிதாகவும் தோன்றும் கோளாறு பெரும்பாலும் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

காலி அறையின் படத்தை எடுத்த பிறகு, கேமராவை ஓர் அங்குலம்கூட நகர்த்தாமல், கட்டில் பிடிக்கும் இடத்தைத் தரையில் வரைந்து இன்னொரு படம் எடுப்பேன். பளபளப்பான டைல்ஸில் சாக்பீஸ் பிடிக்காது, நான் கையோடு டேப் கொண்டுபோவது வழக்கம். அன்று அந்த அம்மா, "டேப் எதுக்குங் தம்பி, இருங்க" என்று உள்ளே போய்க் கோலப்பொடி டப்பாவை எடுத்து வந்தார். நான் அளவு நாடாவைப் பிடித்துக்கொள்ள, ஏழடியும் ஐந்தரை அடியும் அளந்த இடங்களில் புள்ளி வைத்து, நான்கு கோடுகளை ஒரே மூச்சில் இழுத்து முடித்தார். முதலில் சன்னலடியில் தலைமாடு வருமாறு வரைந்தார். கோடு அலமாரிக்கு ஓரடிக்குள் வந்து நின்றதைப் பார்த்ததும் பொடி டப்பாவைக் கையில் வைத்தபடியே சிறிது நேரம் நின்றுவிட்டு, "அவங்க கேட்டது ஞாயந்தானுங்" என்றார். பிறகு துடைத்துவிட்டுத் தெற்கே தலைமாடு வருமாறு வரைந்தார். அந்தக் கோட்டோடு எடுத்த படத்தை அடியில் வைத்து, கணினிக் கட்டிலின் நான்கு கால்களையும் கோலக்கோட்டின் நான்கு மூலைகளில் நிறுத்தினேன். கோடுள்ள படம் விளம்பரத்துக்குப் போகாது, அளவுக்குச் சாட்சியாக என்னிடம் இருக்கும். உயரத்தைச் சரிபார்க்க வாசற்கதவைப் பார்த்தால் போதும். நம் பக்கத்துக் கதவுகள் பொதுவாக ஏழடி, மேசையின் மேற்பரப்பு இரண்டரை அடி, ஆகவே மேசை கதவின் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்ட வேண்டும். சிவப்புக் காவித் தரையோ மொசைக்கோ போட்ட பழைய வீடுகளில் டைல்ஸ் கோடுகள் இருக்காது, அங்கே தரை அளவுக்கும் கதவின் அகலத்தையே துணையாகக் கொள்ள வேண்டியிருக்கும். படிப்பு மேசையை அந்த அறையில் போடவே இல்லை. போட்டால் போகும் என்று காட்டுவது, உட்காரலாம் என்று சொல்வதாகிவிடும்.

அறிவிப்பை எங்கே எழுதுவது என்பதில் எனக்கு ஓர் உறுதியான முடிவு உண்டு: படத்துக்குள்ளேயே எழுத வேண்டும். விளம்பரக் குறிப்பில் எழுதுவது போதாது. கோவையில் வாடகைப் படங்கள் விளம்பரப் பக்கத்தைவிட வாட்ஸ்அப்பில்தான் அதிகம் சுற்றுகின்றன. தரகர் ஒருவர் படத்தை மட்டும் எடுத்து இன்னொரு குழுவுக்கு அனுப்புவார், அங்கிருந்து அது ஈரோட்டில் இருக்கும் மாமாவுக்குப் போகும், குறிப்பு வழியிலேயே உதிர்ந்துவிடும். எழுத்து படத்தின் கீழ் விளிம்பை ஒட்டி இருந்தால், முன்னோட்டப் படமாக வெட்டப்படும்போது அதுவும் போய்விடும். எனவே விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி, வெளிர்நிறப் பட்டையின் மேல் கறுப்பு எழுத்தில், கைப்பேசியில் விரித்துப் பார்க்காமலே படிக்கும் அளவில் எழுதுகிறேன். காளப்பட்டி வீட்டுக்கு எழுதியது இது: "அறை காலியாக உள்ளது. கட்டில், மெத்தை, திரைச்சீலை கணினியில் சேர்க்கப்பட்டவை, வீட்டோடு வராது. கட்டில் அளவு 7 அடி × 5½ அடி. காலி அறைப் படம் அடுத்து." அடுத்த படமாகவே அதே கோணத்தில் எடுத்த காலி அறை வரும். வாட்ஸ்அப்பில் பிரிந்துவிடக் கூடாது என்பதற்காக, இரண்டையும் மேலும் கீழுமாக ஒரே படமாக ஒட்டியும் ஒரு பிரதி செய்து கொடுத்தேன். விளம்பரத் தளத்தில் Unfurnished என்ற இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படத்தில் கட்டில் தெரிகிறதே என்று Semi-Furnished என்று போட்டுவிடும் தரகர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லால் வாடகை எதிர்பார்ப்பே மாறிவிடுகிறது.

எழுத்தைப் படித்துவிட்டு அந்த அம்மா தயங்கினார். "இப்படிப் பட்டவர்த்தனமா எழுதிப் போட்டா ஆருங் தம்பி வருவாங்க?" என்று கேட்டார். வருபவர்கள் குறைவாக இருக்கலாம், ஆனால் வந்தவர்கள் இந்த அறை தங்களுக்குப் போதும் என்று தெரிந்துகொண்டே வருவார்கள் என்று சொன்னேன். முன்பைவிடத் தொலைபேசி அழைப்புகள் குறைந்தது உண்மை. ஆனால் அழைத்தவர்களின் கேள்விகள் மாறியிருந்தன. "ரூம் பெருசுங்களா?" என்று பொதுவாகக் கேட்டது போய், "எங்க கட்டல் ஆறடி அகலமுங்க, அலமாரி தெறக்குமுங்களா?" என்று கேட்டார்கள். ஆறடி அகலமென்றால் அலமாரிக்கு முன் இரண்டடிதான் இருக்கும், வாசற்கதவுக்கும் எதிரே வந்துவிடும் என்று அந்த அம்மாவே தொலைபேசியில் சொல்வதைக் கேட்டேன். குடிதண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்ற கேள்வி மட்டும் எப்போதும் போல எல்லோரும் கேட்டார்கள். கடைசியில் அந்தச் சிறிய அறையை வீட்டிலிருந்து வேலை செய்வதற்கு வைத்துக்கொண்டு, அதில் ஒற்றைக் கட்டிலும் மேசையும் மட்டும் போடப்போவதாகச் சொன்ன இளம் தம்பதியர் குடிவந்தார்கள்.

குடிவரும்போது செய்ய வேண்டியதில் பலர் விட்டுவிடும் ஒன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, நில உரிமையாளர் குத்தகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் சட்டத்தின்படி வாடகை ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தோடு காலி அறைகளின் மூலப்படங்களை அச்செடுத்து இணைத்து, இரு தரப்பும் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்திடச் செய்தேன். மின்விசிறி, குழல்விளக்கு, தண்ணீர் சூடாக்கும் கீசர் என்று வீட்டோடு வருபவற்றின் பட்டியலும், கணினியில் சேர்த்துக் காட்டிய பொருள்கள் எவையும் இதில் சேரா என்ற ஒரு வரியும் அதே இணைப்பில் இருக்கின்றன. பிறகு விளம்பரத் தளத்திலிருந்தும் தரகர்களின் குழுக்களிலிருந்தும் கட்டில் போட்ட படங்களை எடுத்துவிடச் சொன்னேன். குழுக்களில் பழைய படம் ஒன்று, ஐந்தடிக் கட்டில் போட்டது, இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அழைப்பவர்களுக்கு, வீடு போய்விட்டது என்பதோடு அந்தப் படத்தின் அளவு சரியல்ல என்பதையும் அந்த அம்மா சேர்த்தே சொல்லி வருகிறார்.